பத்தாயிரம் ரூபாய் உண்மையிலேயே வளர்ந்ததா? பிளஸ் ஒன், பிளஸ் டூ வணிகவியல் மாணவர்களுக்கான புராஜெக்ட் வழிகாட்டி

சேமிப்புத் திட்டங்களை ஒப்பிடு என்று புராஜெக்ட் கொடுத்தால், பெரும்பாலான ரெக்கார்டு நோட்டுகளில் வருவது ஒரே ஒரு அட்டவணைதான். இடப்பக்கம் திட்டத்தின் பெயர், வலப்பக்கம் வட்டி வீதம், கீழே ‘இதில் அதிக வட்டி தருவது இன்னது’ என்று ஒரு வரி. போஸ்ட் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பிலும் இதுதான் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதுவதற்குப் புராஜெக்ட் எதற்கு?

நான் என் மாணவர்களுக்குக் கொடுப்பது வேறொரு கேள்வி: ஐந்து வருடத்துக்கு முன்னால் போட்ட 10,000 ரூபாய், முதிர்ந்து கைக்கு வந்தபோது அன்று வாங்கியதைவிட அதிகமான பொருளை வாங்கியதா, குறைவாக வாங்கியதா? வரப்போகும் வருடங்களின் விலைவாசி யாருக்கும் தெரியாது. முடிந்துபோன ஐந்து வருடங்களின் விலைவாசி எண்ணாகவே கிடைக்கிறது. அதனால் பழைய காலத்தை எடுத்துக்கொள்வதுதான் சரி. 2020 ஏப்ரலில் போட்டு 2025-இல் முதிர்ந்த அஞ்சலகச் சேமிப்புகளை வைத்தே முழுக் கணக்கையும் இங்கே செய்து காட்டுகிறேன். நீங்கள் வேறு ஐந்து வருடங்களை எடுத்துக்கொண்டு இதே முறையில் செய்யலாம்.

முதலில் வட்டி வீதத்தைச் சரியாகப் பிடியுங்கள்

அஞ்சலகச் சிறுசேமிப்புத் திட்டங்களின் வட்டியை மத்திய நிதி அமைச்சகம் காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கிறது. சில திட்டங்களில் நீங்கள் பணம் போடும் நாளில் என்ன வீதமோ, அதுவே முதிர்வு வரைக்கும் நிற்கும். தேசிய சேமிப்புப் பத்திரம் (என்.எஸ்.சி.), டைம் டெபாசிட், மாதாமாதம் கட்டும் ஆர்.டி. மூன்றும் இந்த வகை. பி.பி.எஃப்., செல்வமகள் சேமிப்பு இரண்டும் அப்படியில்லை. அவற்றில் வீதம் மாறினால் பழைய கணக்குக்கும் சேர்ந்தே மாறும். முதல் வகையை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு சுலபம்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு 2020-ஆம் வருடமே சாட்சி. அந்த வருடம் ஜனவரி முதல் மார்ச் வரை என்.எஸ்.சி.க்கு 7.9 சதவீதம். ஏப்ரல் 1 முதல் 6.8 சதவீதம். மார்ச்சில் 10,000 ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியவருக்கு ஐந்து வருடத்தில் 14,625 ரூபாய் கிடைத்தது. ஏப்ரலில் வாங்கியவருக்கு 13,895 ரூபாய். சில நாள் தள்ளிப் போனதில் 730 ரூபாய் வித்தியாசம். ஆகவே உங்கள் அட்டவணையில் வீதத்தை மட்டும் எழுதினால் போதாது. எந்தக் காலாண்டின் வீதம் என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

வீதத்தை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் கவனம் தேவை. 2021 மார்ச் 31 அன்று அடுத்த காலாண்டுக்கு வட்டியைக் குறைத்து அறிவிப்பு வந்தது, என்.எஸ்.சி. 5.9 ஆகிறது, பி.பி.எஃப். 6.4 ஆகிறது என்று செய்திகள் ஓடின. மறுநாள் காலையிலேயே நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்படுவதாகச் சொல்லிவிட்டார், பழைய வீதமே தொடர்ந்தது. ஆனால் மார்ச் 31 இரவு வந்த செய்திகள் இணையத்தில் அப்படியேதான் கிடக்கின்றன. தேடும்போது அதில் ஒன்று மாட்டினால், நடைமுறைக்கே வராத ஒரு வீதத்தை வைத்துப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுவீர்கள். அதனால் indiapost.gov.in தளத்தில் உள்ள வட்டி வீதப் பட்டியலை எடுங்கள், அல்லது அருகிலுள்ள அஞ்சலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செய்தியை வைத்து எழுதினால் அடுத்த இரண்டு நாள் செய்தியையும் சேர்த்துப் பாருங்கள்.

வீதம் ஒன்று, கைக்கு வருவது ஒன்று

2020 ஏப்ரலில் ஐந்து வருட டைம் டெபாசிட்டுக்கு 6.7 சதவீதம், என்.எஸ்.சி.க்கு 6.8 சதவீதம். பார்த்தால் என்.எஸ்.சி. ஒரு நூலிழை மேல். சரி, அவ்வளவுதானா?

டைம் டெபாசிட்டில் வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை கூட்டிக் கணக்கிடுகிறார்கள். 6.7-ஐ நான்காகப் பிரித்தால் காலாண்டுக்கு 1.675 சதவீதம். அதை நான்கு முறை கூட்டு வட்டியாகப் பெருக்கினால் வருடத்துக்கு 6.87 சதவீதம் ஆகிவிடும். 10,000 ரூபாய்க்கு வருடம் 687 ரூபாய். என்.எஸ்.சி.யில் வருடத்துக்கு ஒருமுறைதான் வட்டி சேரும், முதல் வருடம் 680 ரூபாய். இதுவரை செய்த மாணவர், டைம் டெபாசிட்டே மேல் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்.

இன்னொரு படி போக வேண்டும். டைம் டெபாசிட்டின் வட்டி ஒவ்வொரு வருட முடிவிலும் வெளியே வந்துவிடும். எடுக்காமல் விட்டால் அந்த வட்டிக்கு மேல் வட்டி கிடையாது. ஐந்து வருடத்துக்கு 687 வீதம் 3,435 ரூபாய், அசலோடு 13,435. என்.எஸ்.சி.யில் ஒவ்வொரு வருட வட்டியும் அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி வந்து, கடைசியில் 13,895. வருடாவருடம் வரும் 687 ரூபாயை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் 4 சதவீதத்துக்குப் போட்டு வைத்தால்கூட டைம் டெபாசிட் 13,721 ரூபாய் வரைக்கும்தான் எட்டுகிறது.

அதனால் ஒப்பிட வேண்டியது முதிர்வுத் தொகையைத்தான். எல்லாத் திட்டத்துக்கும் ஒரே அசல், ஒரே காலம் வைத்துக்கொண்டு, கடைசியில் கையில் எவ்வளவு என்று பாருங்கள். எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் என்.எஸ்.சி., சேமிப்புக் கணக்கு இரண்டுக்கும் இப்படி:

```
=10000*(1+6.8/100)^5
=10000*(1+4/100)^5
```

முதலாவதற்கு 13,895, இரண்டாவதற்கு 12,167 வர வேண்டும். வராவிட்டால் அடைப்புக்குறி எங்கோ தவறிவிட்டது.

ஆனால் வருடாவருடம் வட்டி கைக்கு வருவது ஒரு குறை என்று எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு ஜூனிலும் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் தேவைப்படும் குடும்பத்துக்கு அதுவே வசதி. என்.எஸ்.சி.யை ஐந்து வருடத்துக்கு முன்னால் உடைக்கவும் முடியாது. வைத்திருப்பவர் இறந்தால், நீதிமன்றம் உத்தரவிட்டால் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய விதிவிலக்குகள்தான். இதை அட்டவணையில் தனிப் பத்தியாகப் போடுங்கள். எண்ணாக மாற்ற முயல வேண்டாம்.

விலைவாசியை எப்படி அளப்பது

இப்போது கணக்கின் மறுபாதி. நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணை மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் மாதந்தோறும் 12-ஆம் தேதி வாக்கில் வெளியிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் குறியீட்டு எண்கள் படிக்கிறீர்களே, அதேதான் இது. mospi.gov.in தளத்தில் பழைய மாதங்களின் எண்களும் கிடைக்கும். அகில இந்தியா, கிராமமும் நகரமும் சேர்ந்தது, பொதுக் குறியீடு: இந்த ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதிலேயே இருங்கள். தொடக்கத்துக்குப் பொதுக் குறியீடு, முடிவுக்கு உணவுப் பொருள் குறியீடு என்று எடுத்தால் விடை வரும், பொருள் இருக்காது.

2012-ஐ அடிப்படையாக வைத்த வரிசையில் 2020 மார்ச் மாதக் குறியீடு 148.6, 2025 மார்ச் மாதக் குறியீடு 192.0. பத்திரம் ஏப்ரலில் வாங்கியது, குறியீடு ஏன் மார்ச்? 2020 ஏப்ரலில் ஊரடங்கு. விலை சேகரிக்கும் ஊழியர்கள் கடைகளுக்கே போக முடியாத மாதம் அது, அந்த எண் மதிப்பீடு செய்து போட்டது. அதனால் ஒரு மாதம் முன்னால் நகர்ந்து, பெரும்பாலான விலைகளை நேரடியாக எடுத்த மாதத்தைப் பிடித்திருக்கிறேன். உங்கள் புராஜெக்டில் இப்படி ஏதாவது செய்தால் காரணத்தோடு எழுதுங்கள். மார்ச் என்றால் இரு பக்கமும் மார்ச்சாக இருக்கட்டும். தக்காளி, வெங்காயம் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏறி, தை, மாசியில் இறங்கும். நவம்பரில் தொடங்கி பிப்ரவரியில் முடித்தால் பணவீக்கம் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும்.

இன்னொரு பள்ளம் அடிப்படை ஆண்டு. ஒரு எண் 2012 வரிசையிலிருந்தும் இன்னொன்று புதிய அடிப்படை ஆண்டின் வரிசையிலிருந்தும் இருந்தால், இரண்டையும் நேரடியாக வகுக்கக் கூடாது. பழைய வரிசையைப் புதியதோடு இணைக்க ஓர் இணைப்புக் காரணியை அமைச்சகமே தரும், அதை வைத்து ஒன்றை மாற்றிக்கொண்ட பிறகுதான் வகுக்க வேண்டும். குறியீடு 190-ஐத் தாண்டி வந்துகொண்டிருந்து திடீரென்று 100-ஐ ஒட்டி விழுந்தால், விலை பாதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, வரிசை மாறிவிட்டது.

சரி, கணக்கு. 192.0-ஐ 148.6-ஆல் வகுத்தால் 1.292. 2020 மார்ச்சில் 10,000 ரூபாய்க்குக் கிடைத்த அதே சாமான்களை 2025 மார்ச்சில் வாங்க 12,921 ரூபாய் வேண்டும். இந்தத் தொகைதான் உங்கள் கோடு. அதற்கு மேலே முடிந்த சேமிப்பு வளர்ந்திருக்கிறது, கீழே முடிந்தது தேய்ந்திருக்கிறது.

ஏப்ரலில் வாங்கிய என்.எஸ்.சி. 13,895, கோட்டுக்கு மேல் 974 ரூபாய். டைம் டெபாசிட், வட்டியை வேறெங்கும் போடாமல் வைத்திருந்தாலும் 13,435, அதுவும் மேலே. சேமிப்புக் கணக்கு 12,167. பாஸ்புக்கில் 2,167 ரூபாய் கூடியிருக்கிறது, கோட்டுக்கு 754 ரூபாய் கீழே நிற்கிறது. இதைப் பார்த்ததும் வகுப்பில் முதலில் வரும் கேள்வி, ‘பாஸ்புக்ல கூடியிருக்கே சார், எப்படி நஷ்டம்?’ என்பது. அதற்குப் பதில் சொல்லத்தான் அடுத்த படி.

முதிர்வுத் தொகையை 2020 விலைக்குத் திருப்பிப் போடுங்கள்:

```
=13895*148.6/192.0
=12167*148.6/192.0
```

என்.எஸ்.சி.க்கு 10,754 வரும். அன்றைய விலையில் 10,000 ரூபாயாக இருந்தது 10,754 ஆகியிருக்கிறது. சேமிப்புக் கணக்கு 9,417. அன்றைய விலையில் 10,000 ரூபாய்ச் சாமான் வாங்கக்கூடிய பணம், இன்று அதில் சுமார் 580 ரூபாய்ச் சாமானைக் கடையிலேயே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. மார்ச் மாதத்திலேயே 7.9 சதவீதத்துக்கு வாங்கியவருக்கு 11,319.

வருடக் கணக்காகச் சொல்வதானால், இந்த ஐந்து வருடத்தில் பணவீக்கம் சராசரியாக வருடத்துக்கு 5.26 சதவீதம். 6.8-இல் 5.26-ஐக் கழித்தால் 1.54. துல்லியமாகச் செய்ய 1.068-ஐ 1.0526-ஆல் வகுக்க வேண்டும், அப்போது 1.46. வித்தியாசம் சின்னதுதான், வைவாவில் கேட்பவர் இதைத்தான் கேட்பார். கழித்தல் ஒரு குறுக்குவழி. வட்டியும் பணவீக்கமும் சிறியதாக இருக்கும்வரை தப்பு தெரியாது.

இந்தக் காலத்தில் ஒரு குழப்பமும் அடிக்கடி வருகிறது. பணவீக்கம் 6.7 சதவீதத்திலிருந்து 5.4-க்கு இறங்கியது என்றால் விலை இறங்கியது என்று எழுதிவிடுகிறார்கள். விலை ஏறிக்கொண்டேதான் இருந்தது, ஏறும் வேகம் குறைந்தது. குறியீட்டு எண்ணையும் பணவீக்க வீதத்தையும் இரண்டு தனி வரைபடங்களாகப் போட்டால் இது பார்த்தவுடன் புரியும்.

ஆர்.டி.யில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள்

மாதம் 1,000 ரூபாய் வீதம் 60 மாதம் கட்டும் ஆர்.டி.யை எடுங்கள். 2020 ஏப்ரலில் தொடங்கியதற்கு வீதம் 5.8 சதவீதம். கட்டியது 60,000, முதிர்வில் கிடைத்தது 69,697.

இங்கே ஒரு மாணவர் செய்வது இது: 9,697 ரூபாய் லாபம், 60,000-க்கு அது 16 சதவீதம், ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 3.2 சதவீதம். ‘5.8 என்று சொல்லி 3.2 தருகிறார்கள்’ என்று கோபமாக ஒரு முடிவுரை. அஞ்சலகம் யாரையும் ஏமாற்றவில்லை. முதல் தவணைதான் 60 மாதம் உள்ளே இருந்தது. கடைசித் தவணை ஒரே மாதம்தான். சராசரியாக ஒவ்வொரு ரூபாயும் ஏறக்குறைய இரண்டரை வருடம்தான் வட்டி சம்பாதித்தது.

சரியான வழி ஒவ்வொரு தவணையையும் தனியாகப் பார்ப்பது. ஷீட்டில் A பத்தியில் A2-இல் தொடங்கி 60-இலிருந்து 1 வரை எண்களைப் போட்டு, பக்கத்தில் இந்தச் சூத்திரத்தை இழுத்துவிடுங்கள்:

```
=1000*(1+5.8/400)^(A2/3)
```

அடியில் கூட்டினால் 69,697 வரும். 400 எதற்கு என்றால், 5.8-ஐ நூறால் வகுத்து சதவீதமாக்கி, நான்கால் வகுத்துக் காலாண்டாக்குகிறோம். மாதத்தை மூன்றால் வகுப்பதும் அதே காரணம்தான்.

பணவீக்கத்துக்கும் இதே நியாயம். 60,000 ரூபாய் முழுவதையும் 1.292-ஆல் பெருக்கி, கோடு 77,500 ரூபாய் என்று வரைந்துவிட்டால் ஆர்.டி. படுநஷ்டம் போலத் தெரியும். 2024-இல் கட்டிய தவணைக்கு 2020-இலிருந்து ஏறிய விலையை ஏன் சுமத்த வேண்டும்? 60 மாதக் குறியீட்டையும் எடுத்து ஒவ்வொரு தவணைக்கும் பெருக்கலாம். அது கை வலிக்கும் வேலை என்றால், வருடத்துக்கு 12,000 என்று ஐந்து கட்டாகப் பிரித்து, அந்தந்த நிதியாண்டின் சராசரிக் குறியீட்டைப் பயன்படுத்துங்கள். 2020-21-இன் சராசரி 155.3, ஆக அந்த 12,000-க்குச் சமமான தொகை 12,000 × 192.0 ÷ 155.3, அதாவது 14,836 ரூபாய். இப்படி ஐந்தையும் செய்து கூட்டினால் கோடு 66,600-ஐ ஒட்டி வருகிறது. முதிர்வு 69,697. மாதாமாதம் கட்டியவரும் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறார், சுமார் 3,100 ரூபாய் மேலே.

என்.எஸ்.சி.யின் 974 ரூபாயையும் இந்த 3,100-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆர்.டி.தான் மேல் என்று சொல்லிவிடக் கூடாது. ஒன்று 10,000 ரூபாய் மொத்தமாகப் போட்டது, மற்றது 60,000 சிறுகச் சிறுகக் கட்டியது. இவை இரண்டு வெவ்வேறு குடும்பங்களின் கணக்கு. ஒரே அட்டவணையில் இடம் தராதீர்கள்.

(சீட்டையும் சேர்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள். ஏலச்சீட்டில் எந்த மாதம் எடுத்தோம் என்பதைப் பொறுத்துத்தான் லாப நஷ்டம். அது தனி புராஜெக்ட், இதில் கலந்தால் இரண்டும் கெடும்.)

உங்கள் வீட்டின் பணவீக்கம்

அரசின் குறியீடு நாடு முழுக்க உள்ள வீடுகளின் செலவைக் கலந்து போட்டது. 2012 வரிசையில் உணவுக்கும் பானங்களுக்கும் சேர்த்து எடை ஏறக்குறைய 46 சதவீதம், வீட்டு வாடகை வகைக்குச் சுமார் 10 சதவீதம். உங்கள் வீடு அப்படித்தான் என்று சொல்ல முடியாது. ரேஷனில் அரிசி இலவசமாக வாங்கிச் சமைக்கும் வீட்டுக்கும் கடையில் பொன்னி அரிசி மூட்டையாக வாங்கும் வீட்டுக்கும் அரிசி விலை ஏற்றம் ஒன்றல்ல. எல்லாப் பொருளும் ஏறியதும் இல்லை. ஆவின் நீல பாக்கெட் பால் 2021 மே மாதத்தில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்து 40 ரூபாய் ஆனது.

அதனால் கடைசிப் படியாக வீட்டில் உட்கார்ந்து மாதச் செலவை ஐந்தாறு தலைப்பாகப் பிரித்து, மொத்தத்தில் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பழைய விலைக்கு அம்மாவின் ஞாபகத்தை நம்ப வேண்டாம். ‘அப்பல்லாம் சல்லிசு’ என்பதற்கு எண் கிடையாது. பழைய மளிகை பில், கேஸ் ரசீது, வாடகை ஒப்பந்தம், பள்ளிக் கட்டண ரசீது ஆகியவற்றில் கிடைப்பதை மட்டும் எடுங்கள். கிடைக்காத தலைப்புக்கு அரசின் குறியீட்டையே வைத்துக்கொண்டு, அப்படி வைத்ததைக் குறிப்பிடுங்கள்.

உதாரணத்துக்கு, செலவில் 30 சதவீதம் வாடகைக்குப் போகும் ஒரு வீடு. வாடகை 5,000-இலிருந்து 7,000 ஆகியிருக்கிறது, அதாவது 140. மற்ற 70 சதவீதத்துக்கு அரசின் 129.2 என்றே வைப்போம். 30-ஐ 140-ஆலும் 70-ஐ 129.2-ஆலும் பெருக்கிக் கூட்டி நூறால் வகுத்தால் 132.4. இந்த வீட்டுக்கு 13,895 ரூபாயின் பழைய மதிப்பு 10,495 மட்டுமே. அரசுக் குறியீட்டில் 754 ரூபாயாக இருந்த உண்மை லாபம், வாடகை ஒன்றினாலேயே 495-க்கு இறங்கிவிட்டது. சொந்த வீட்டில் இருக்கும் உங்கள் நண்பரின் புராஜெக்டில் இதே பத்திரத்துக்கு வேறு விடை வந்தால் இருவருமே சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

இன்றைக்குப் போடும் பணத்துக்கு

வைவாவில் ‘அப்படியென்றால் இப்போது எதில் போடலாம்?’ என்று கேட்பார்கள். ஜோசியம் சொல்ல வேண்டாம். மூன்று பணவீக்கத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம், மேலும் கீழும் இரண்டு வரை பொறுத்துக்கொள்ளும். அதனால் 4, 5, 6 என்று எடுப்பது நியாயம். என்.எஸ்.சி. வீதம் 2023 ஏப்ரலில் 7.7 ஆனது. அந்த வீதத்தில் 10,000 ரூபாய் 14,490 ஆகும். வருடத்துக்கு 4 சதவீத விலையேற்றம் என்றால் போட்ட நாளின் விலையில் அது 11,910, 5 என்றால் 11,353, 6 என்றால் 10,828. நீங்கள் செய்யும் காலாண்டில் வீதம் மாறியிருந்தால் 7.7-க்குப் பதில் அதைப் போட்டு, வீதம் எடுத்த தேதியை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.